கேட்வே பணத்தைப் பிடித்து வைத்தால் என்ன அனுப்புவது? ஒரு சேலை வியாபாரியின் அனுபவம்

சிங்கப்பூரில் இணையம் வழியாகச் சேலை விற்கிறேன். கார்டு பணம் வாங்க சில ஆண்டுகளாக ஒரே பேமென்ட் கேட்வேதான். சாதாரண மாதங்களில் குறையே சொல்ல முடியாது. விற்ற பணம் சில நாளில் வங்கிக்கு வந்துவிடும். சிக்கல் வருவது தீபாவளி நேரத்தில்.

போன தீபாவளிக்கு முன்பதிவு குவிந்தது. விற்பனை திடீரென்று பல மடங்கு ஏறியதும், சுமார் 11,000 வெள்ளியை நிறுத்தி வைத்து ஆவணம் கேட்டார்கள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவர்கள் பயமும் புரிகிறது. பொருள் வரவில்லை என்று வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் செய்ய, பெரும்பாலும் 120 நாள் அவகாசம் உண்டு. முன்பதிவு என்றால் அது பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல, நாம் சொன்ன டெலிவரி நாளிலிருந்து ஓடும். அதற்குள் நான் கடையை மூடிவிட்டால் நட்டம் கேட்வேக்கு.

அதனால் நான் நல்லவள் என்று நீளமாக எழுதிப் பயனில்லை. சரக்கு இருக்கிறது, போய்ச் சேர்கிறது என்று காட்ட வேண்டும்.

காஞ்சிபுரத்து மொத்த வியாபாரி முதலில் புரோஃபார்மா பில்தான் கொடுத்தார். அது வெறும் விலைக் குறிப்பு. வாங்கியதற்குச் சாட்சி ஆகாது. "அண்ணே, வரி பில்லே வேணும், என் கம்பெனி பேர் அக்ராவில் இருக்கிற மாதிரியே எழுத்து பிசகாம போடுங்க" என்று கேட்டு வாங்கினேன். அக்ரா என்பது சிங்கப்பூரில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு. அதோடு சுங்க இறக்குமதி பெர்மிட்டையும் வைத்தேன். அதில் என் கம்பெனியின் பதிவு எண்ணான யுஇஎன்னும் சரக்கின் மதிப்பும் இருக்கும், பில்லோடு பொருந்தும். அக்ரா பிசினஸ் புரொஃபைல், வங்கி ஸ்டேட்மென்ட் இரண்டிலும் அதே பெயர்.

உண்மையில் வேலை செய்தது ஒரு பக்க அட்டவணைதான் என்று நினைக்கிறேன். ஆர்டர் எண், தொகை, கூரியர் டிராக்கிங் எண், டெலிவரி தேதி. நிறுத்திய தொகையோடு கூட்டல் சரியாக வர வேண்டும். அனுப்பாத ஆர்டர்களை மறைக்காமல், எப்போது போகும் என்று தனி வரிகளில் எழுதினேன். டெலிவரி ஆனவற்றின் பணம் முதலில் வந்தது. மீதி, பார்சல் போய்ச் சேரச் சேர வந்தது.

இடையில் சிலர் ஆர்டரை ரத்து செய்தார்கள். "பேநவ்ல போட்டுடுங்க அக்கா" என்று, கார்டுக்குத் திருப்பாமல் நேராக வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்பக் கேட்டார்கள். போடவே கூடாது. கேட்வே கணக்கில் அந்தக் கார்டு பணம் அப்படியே நிற்கும். வாடிக்கையாளர் வங்கியிலும் புகார் செய்தால் இரண்டு முறை இழப்போம். ரீஃபண்ட் கார்டுக்கே, அதே கேட்வே வழியாகப் போக வேண்டும்.

இப்போது ஒவ்வொரு விற்பனையிலும் 10 சதவீதத்தை ஆறு மாதம் பிடித்து வைக்கிறார்கள். முதல் இல்லாத சின்ன வியாபாரிக்கு இது கொஞ்சம் கொடுமைதான். சேவையை விடவில்லை, ஆனால் இந்த ஆண்டு முன்பதிவு திறப்பதற்கு முன்பே எதிர்பார்க்கும் விற்பனையையும் டெலிவரி தேதிகளையும் அவர்களுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.