எட்டு வருஷ கீசர்: வெதுவெதுப்புக்கு ஒரு காரணம், பச்சைத் தண்ணிக்கு வேறு காரணம்

குமுளியில் எங்கள் வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளைத் தேக்கடி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அந்த அறைகளில் ஒன்றில் இருக்கும் கீசரைப் பற்றித்தான் எழுதுகிறேன். 15 லிட்டர், 2000 வாட், நிமிர்ந்து தொங்கும் வகை. 2017-ல் வாங்கியது. முதல் நான்கு வருஷம் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை.

2021 டிசம்பர், சபரிமலை சீசன். மாலை போட்ட சாமிகளுக்குப் பச்சைத் தண்ணியே போதும், அவர்களால் தொந்தரவு இல்லை. கூட வந்த பெரியவர்தான் விடியற்காலையில் கதவைத் தட்டினார். "தண்ணி வெதுவெதுன்னுதாம்மா வருது. சூடே இல்ல." கை வைத்துப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு கூட இல்லை. ஆனால் கீசரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. விளக்கு அணைந்தால் தண்ணி தயார் என்றுதான் அறைக்கு வருகிற எல்லாரிடமும் நானே சொல்லிவைத்திருந்தேன். அன்றைக்கே அந்த விளக்கைச் சந்தேகப்பட்டிருந்தால் ஆயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

பக்கத்திலிருந்து வந்த மெக்கானிக் பையன் கீழ்மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, "காயில் பாதி போயி சேச்சி, அதான் பாதிச் சூடு" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. காயில் 650, கூலி 400. மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலையில் அதே வெதுவெதுப்பு. போனில் கூப்பிட்டால், "அப்ப தெர்மோஸ்டாட்ட கட் பண்ணி டைரக்டா குடுத்துடலாம், நல்லாச் சூடாகும்" என்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தண்ணி வேண்டிய அளவு சூடானதும் கரண்டை வெட்டுவது தெர்மோஸ்டாட், அது தவறினால் வெட்டுவது கட்-அவுட். இரண்டும் இல்லாமல் காயிலுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்தால் தண்ணி கொதித்து ஆவி அழுத்தம் ஏறும். அதற்குப் பிறகு நம்மைக் காப்பாற்ற சேஃப்டி வால்வு ஒன்றுதான் மிச்சம். அந்த வால்வும் உப்பு பிடித்துப் போயிருந்தால் டேங்க் வெடிக்கும். இந்த யோசனையை யார் சொன்னாலும் அந்த ஆளை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

மலையிறங்கிக் கம்பத்துக்குப் போனபோது, ஒரு எலக்ட்ரிகல் கடை அண்ணனிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "கரண்ட் எத்தன நிமிசம் எடுக்குதுன்னு பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை. அதைப் பார்க்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் விளக்கியதைச் சொல்கிறேன். காயிலுக்குள் இருப்பது ஒரே ஒரு கம்பி, சுருள் சுருளாக. எங்கே அறுந்தாலும் மொத்தமும் செத்துவிடும். அறுந்த கிணற்றுக்கயிறு மாதிரி. அதனால் ஒற்றைக் காயில் இருக்கும் கீசரில் "பாதி போச்சு" என்ற பேச்சுக்கே இடமில்லை. காயில் எரிந்தால் வருவது பச்சைத் தண்ணி. வெதுவெதுப்பாக வருகிறதென்றால் காயில் உயிரோடு இருக்கிறது, யாரோ அதன் வேலையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் அந்த ஆள் தெர்மோஸ்டாட். இரண்டு காயில் வைத்த பெரிய டேங்குகள் மட்டும் விதிவிலக்கு, அதில் ஒன்று போனால் பாதிச் சூடு வரும்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். எதையும் கழற்றத் தேவையில்லை. கீசருக்குப் போகும் எம்.சி.பி. தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்தேன், பிரிட்ஜ் உட்பட. வீட்டு மின் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டும். எங்கள் மீட்டரின் முகப்பில் `1600 imp/kWh` என்று அச்சிட்டிருக்கிறது. 1600 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். 2000 வாட் கீசர் ஒரு மணிக்கு 2 யூனிட் தின்னும், அதாவது 3200 சிமிட்டல், நிமிஷத்துக்கு 53. உங்கள் மீட்டரில் 3200 என்று இருந்தால் இது இரட்டிப்பாகும்.

இரவு முழுக்கக் கீசரை அணைத்துவைத்து, காலையில் டேங்க் முழுக்கப் பச்சைத் தண்ணியாக இருக்கும்போது போட்டேன். சமையலறைத் தெர்மாமீட்டரில் தண்ணி 18 டிகிரி. மீட்டர் நிமிஷத்துக்கு 52, 53 என்று சிமிட்டியது. புதுக் காயில் முழு வேலை செய்கிறது என்பது அந்த ஒரு நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. பதினோராவது நிமிஷத்தில் சட்டென்று சிமிட்டல் நின்றது. மேலே போய்ப் பார்த்தால் கீசர் விளக்கும் அணைந்திருந்தது. பிடித்துப் பார்த்த தண்ணி 39 டிகிரி.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு போட்டால் நல்லது. 15 லிட்டர் தண்ணியை 2000 வாட் காயில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2 டிகிரி ஏற்றும், சொல்லப்போனால் அதற்குச் சற்றுக் குறைவு. 18-லிருந்து 60-க்குப் போக 22 நிமிஷம் வேண்டும். எங்களுடையது 11 நிமிஷத்தில் நின்றது, 21 டிகிரி ஏறியிருந்தது. ஆக, உள்ளே போன கரண்டுக்கு உரிய சூடு பைசா குறையாமல் தண்ணியில் இருக்கிறது. காயில் மேல் ஒரு குற்றமும் இல்லை. 60-ல் வெட்ட வேண்டிய தெர்மோஸ்டாட் 39-லேயே வெட்டுகிறது.

சந்தேகம் தீரத் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் பார்த்தேன். எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மூடியில் கை வைத்தேன். எங்களுடையது நீளக் குச்சி வகை. காயில் தட்டின் நடுவில் ஒரு உலர்ந்த குழாய் இருக்கும், அதற்குள் குச்சி செருகியிருக்கும். அதனால் தண்ணியை வடிக்காமலே உருவிவிடலாம். வயர் எது எங்கே என்று முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டேன். குச்சி என்பது வெளியே ஒரு பித்தளைக் குழாய், உள்ளே சூட்டுக்கு நீளாத ஒரு கம்பி. பித்தளை நீள நீள உள்கம்பி இழுபட்டு ஸ்விட்சைத் திறக்கும். வருஷக்கணக்கில் அந்த ஸ்விட்சும் அதன் அளவும் தளர்ந்துபோகும்.

அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணி வைத்து, குச்சியை மட்டும் முக்கிப் பிடித்துக்கொண்டேன், வயர் மாட்டும் தலை நனையாமல். மல்டிமீட்டர் முனைகளை அதன் இரண்டு காலிலும் வைத்தால் 'பீப்' சத்தம் வந்துகொண்டே இருந்தது. தெர்மாமீட்டர் 40-ஐத் தொட்டதும் 'டிக்', பீப் நின்றது. திருகி 60-ல் வைத்தும் அதே 40. பழையதைக் கடையில் காட்டி, அதே நீளத்தில் புதிது வாங்கினேன். 280 ரூபாய். அதையும் சொம்பில் வைத்துப் பார்த்தேன், 61-ல் வெட்டியது. மாட்டிய மறுநாள் மீட்டர் 22 நிமிஷம் சிமிட்டியது.

புதுத் தெர்மோஸ்டாட் போட்டும் சீக்கிரம் வெட்டினால், காயிலிலிருந்து அந்தக் குழாய் வரைக்கும் உப்புக் கட்டி வளர்ந்து இரண்டும் ஒட்டியிருக்கும். காயிலின் சூட்டையே தண்ணியின் சூடு என்று குச்சி நம்பிவிடும். தட்டை இறக்கிச் சுரண்ட வேண்டியதுதான்.

இன்னொரு வெதுவெதுப்பும் உண்டு. எங்கள் வளைவில் சாயந்திரம் வோல்டேஜ் இறங்கும். 190-க்கு வந்தால் 2000 வாட் காயில் 1400-க்குள் சுருங்கிவிடும். அப்போது மீட்டர் நிற்காது, நிமிஷத்துக்கு 36 என்று சோம்பலாகச் சிமிட்டும். காத்திருந்தால் தண்ணி கொதிக்காவிட்டாலும் சூடாகும். கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை. மீட்டர் 22 நிமிஷம் முழு வேகத்தில் சிமிட்டியும் குழாயில் வெதுவெதுப்பாக வந்தால், மிக்சர் குழாயில் பச்சைத் தண்ணி கலக்கிறது. கீசரைத் தொடாதீர்கள்.

காயில் எரிந்தால் எப்படி இருக்கும் என்பதை 2024 மார்ச்சில் பார்த்தேன். இரண்டு நாள் முன்பிருந்தே கீசரைப் போட்டால், கசிவைக் கண்டு கரண்டை வெட்டும் ஈ.எல்.சி.பி. ஸ்விட்ச் விழுந்துகொண்டிருந்தது. காயில் உறை விரிசல் விட்டு உள்ளே தண்ணி இறங்கி, கரண்ட் டேங்குக்குக் கசிகிறது என்று பொருள். அந்த அறையைப் பூட்டிவைத்தோம். மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தபோது எதுவும் விழவில்லை, சிவப்பு விளக்கு அழகாக எரிந்தது, அணையவே இல்லை. மீட்டரோ ஒருமுறை கூடச் சிமிட்டவில்லை. அரை மணி கழித்தும் தண்ணி ஐஸ். விளக்குக்கும் காயிலுக்கும் தனித்தனிப் பாதை, தெர்மோஸ்டாட் கரண்டை விட்டால் விளக்கு எரியும், காயில் செத்திருந்தாலும் எரியும். 2021-ல் விளக்கு சீக்கிரம் அணைந்தது, 2024-ல் அணையவே இல்லை. விளக்கு, மீட்டர் இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நான் இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. விளக்கும் எரியாமல் மீட்டரும் நின்றிருந்தால், மூடிக்குள் இருக்கும் கட்-அவுட் பட்டன் வெளியே வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தெறித்திருந்தால் ஏன் தெறித்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

வயர்களைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். 2000 வாட் காயில் இரண்டு காலுக்கும் நடுவே 26 ஓம் அளவில் காட்டவேண்டும். இதில் `OL`, அதாவது கம்பி அறுந்திருக்கிறது. காலுக்கும் டேங்க் உடம்புக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது.

இப்போது அந்தப் பையன் 2021-ல் கழற்றிப் போட்ட "பாதி போன" காயில் நினைவுக்கு வந்தது. பரணில் பிளாஸ்டிக் பையில் கிடந்தது. அளந்தேன்: 26.4 ஓம். உடம்புக்குக் கசிவு இல்லை. வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை வினிகரில் ஊறவைத்து எடுத்துவிட்டு, கேஸ்கட் மட்டும் புதிதாக வாங்கினேன். தண்ணியை வடித்து, தட்டை மாட்டி, சுடுதண்ணிக் குழாயில் தண்ணி ஒழுங்காக வரும்வரை திறந்துவிட்ட பிறகுதான் கரண்ட் கொடுத்தேன். காலி டேங்கில் போட்டிருந்தால் நல்ல காயிலும் சில நொடிகளில் கருகியிருக்கும்.

650 ரூபாய்க் காயில் இரண்டேகால் வருஷம் உழைத்தது. போச்சு என்று சொல்லித் தூக்கி எறிந்த காயில்தான் இன்றுவரை அந்த அறையில் ஓடுகிறது. போன வாரம் எண்ணினேன், நிமிஷத்துக்கு 53.