வாரம் 199 ரூபாய்: பையனின் கேம் சந்தாவை நிறுத்தி எட்டு மாதம்

நேற்று ராத்திரி பெருந்துறை நங்கை கூப்பிட்டாங்க. "அம்மிணி, உம்பட பையன் கேமுக்குப் பணம் போனப்ப என்னமோ பண்ணி நிறுத்துனியே, அது என்னன்னு கொஞ்சம் சொல்லு. இங்கயும் அதே கதைதான்." போனில் சொல்லச் சொல்ல அவங்களுக்கும் புரியவில்லை, எனக்கும் கோர்வையாக வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். போன ஆனியில் நடந்தது, இப்போது மாசி. எட்டு மாதமாக இந்த ஏற்பாட்டோடு இருந்து பார்த்தபிறகு சொல்கிறேன்.

திருப்பூரில் ஆறு பவர் டேபிள் போட்டு ஜாப் வொர்க் செய்கிறோம். சனிக்கிழமை வாரச் சம்பளம். டைலர், கைமடி எல்லோருக்கும் என் போனிலிருந்துதான் பணம் போகும். அந்தச் சனிக்கிழமை கணக்கு ஒட்டவில்லை என்று ஸ்டேட்மென்டை மேலிருந்து கீழே பார்த்தபோது, வெள்ளிக்கிழமை தவறாமல் 199 ரூபாய் போயிருந்தது. எண்ணினேன், பதினோரு வெள்ளி.

பையன் ஆறாவது படிக்கிறான். சாயந்திரம் நான் மிஷினில் இருக்கும்போது என் போனில் விளையாடுவான். கேட்டேன். "மூணு நாள் ஃப்ரீன்னு போட்டிருந்துச்சும்மா, அதான் அமுக்குனேன்" என்றான். பொய் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் இலவசம், நாலாம் நாளிலிருந்து வாரா வாரம் தானாகவே கழிகிற சந்தா அது. கடைக்குப் பால் வாங்க அனுப்பும்போது பின் நம்பரைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதைப் போட்டு ஒருமுறை ஒப்புதல் கொடுத்திருக்கிறான்.

அந்த ஒருமுறைதான் விஷயமே. யுபிஐ ஆட்டோபே என்பது, இந்தக் கணக்கிலிருந்து வாரா வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்கு நாம் கொடுக்கும் அனுமதி. கொடுக்கும்போது மட்டும் பின் கேட்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் கேட்காது. இந்த மாதிரிச் சந்தாவில் 15,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால்தான் மறுபடி ஒப்புதல் வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 199 எந்த மூலைக்கு? பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் அனுப்ப வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எனக்கும் வியாழக்கிழமை தவறாமல் எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. நூல்காரர், பட்டன்காரர், கரண்ட் பில் என்று வருகிற அத்தனை எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவில் அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இது தெரியாமல் இரண்டு வாரம் வீணாக்கினேன். முதலில் கோபத்தில் கேமையே போனிலிருந்து அழித்தேன். அடுத்த வெள்ளி மறுபடி 199. கேமை அழித்தாலும் சந்தா நம் பிளே ஸ்டோர் கணக்கில் அப்படியே இருக்கும் என்பது அப்போது தெரியாது. சரி, பின் நம்பரை மாற்றினால் நின்றுவிடும் என்று மாற்றினேன். அதற்கடுத்த வெள்ளியும் போனது. பழைய பின்னில் கொடுத்த அனுமதி, புதுப் பின் வந்ததால் ரத்தாகாது. ஆக மொத்தம் பதிமூன்று வாரம், 2,587 ரூபாய். நங்கைக்கு நான் முதலில் சொன்னதும் இதைத்தான்: கேமை அழிப்பதும் பின்னை மாற்றுவதும் கதவைச் சாத்துவது மாதிரித் தெரியும், ஆனால் பணம் போவது அந்தக் கதவு வழியாக இல்லை.

கோயமுத்தூரில் படிக்கிற அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். "அத்தை, இது ரெண்டு எடத்துல நிறுத்தோணும். மொதல்ல ஸ்டோர்ல, பொறகு யுபிஐ ஆப்ல" என்றான். பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, `Payments & subscriptions`, அதற்குள் `Subscriptions`. நான் உள்ளே போனால் ஒன்றுமே இல்லை. வயிறு கலங்கிவிட்டது. அவன்தான் கண்டுபிடித்தான். என் போனில் இரண்டு மெயில் ஐடி இருக்கிறது, ஒன்று யூனிட்டுக்கு, ஒன்று வீட்டுக்கு. நான் பார்த்தது யூனிட் ஐடியில். சந்தா இருந்தது வீட்டு ஐடியில். பட்டியல் காலியாக இருந்தால் நின்றுவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். அதே படத்தைத் தொட்டு மற்ற ஐடிக்கு மாறிப் பாருங்கள். அங்கே கேம் பெயர் இருந்தது, `Cancel subscription` கொடுத்தோம். காரணம் கேட்டது, ஏதோ ஒன்றைத் தொட்டோம். உறுதி செய்ததாக மெயில் வந்தது. காசு கொடுத்த வாரம் முடிகிற வரைக்கும் கேமில் அந்தச் சலுகை இருக்கும். அதைப் பார்த்து இன்னும் ரத்தாகவில்லையோ என்று வெசனப்பட வேண்டியதில்லை.

பிறகு யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போனோம். அந்த அனுமதி அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. தற்காலிகமாக நிறுத்துவது ஒன்று, ரத்து செய்வது ஒன்று என இரண்டு பட்டன் இருந்தன. ரத்தைக் கொடுத்துப் பின் போட்டதும் போய்விட்டது. இந்த வரிசையை மாற்றிச் செய்ய வேண்டாம் என்றான் மருமகன். வங்கி அனுமதியை மட்டும் எடுத்துவிட்டு ஸ்டோரில் சந்தாவை விட்டுவைத்தால், அது கொஞ்ச நாளுக்குப் பணம் எடுக்க முயற்சி பண்ணிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கில் மாற்றாக வேறு கார்டு சேர்த்து வைத்திருந்தால் அதிலிருந்து போகவும் வாய்ப்புண்டு.

பணம் திரும்பக் கிடைத்ததா என்று நங்கை கேட்டாங்க. வாங்கிய 48 மணி நேரத்துக்குள் என்றால் ஸ்டோரிலேயே ரீஃபண்ட் கேட்கலாம். கடைசி வெள்ளியில் போனதை அப்படிக் கேட்டேன், வந்தது. மீதிக்குக் கேம் கம்பெனிக்கே எழுத வேண்டும். நாலு முறை எழுதினேன். ஒரு பதில் இல்லை. ஒரு சின்னப் பையனைக் காட்டி வாரா வாரம் காசு எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அவன் அம்மாவுக்கு ஒரு வரி பதில் போடத் தெரியவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. 199 என்று கேட்டால் சின்னத் தொகை மாதிரித்தான் இருக்கும். வருஷம் முழுக்க 52 வாரம் போட்டுப் பாருங்கள், 10,348 ரூபாய். வாரக் கணக்கில் வைத்திருப்பதே அதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நிறுத்தியதோடு விட்டால் அடுத்த கேமில் மறுபடி நடக்கும். அதனால் பூட்டுப் போடுகிற வேலைக்கு வந்தோம். `Payments & subscriptions` உள்ளேயே `Budget & history` என்று இருக்கிறது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று தொகை போடலாம். நான் 100 போட்டு நிம்மதியாக இருந்தேன். அது எச்சரிக்கை மட்டும்தான். தொகை நெருங்கும்போது சொல்லுமே தவிர, வாங்குவதைத் தடுக்காது. பெரியவர்கள் தங்கள் செலவைப் பார்த்துக்கொள்ளச் சரி. பிள்ளை கையில் இருக்கும் போனுக்கு அதைப் பூட்டு என்று எண்ணிவிடக் கூடாது.

தடுப்பது வேறு இடத்தில் இருக்கிறது. பிளே ஸ்டோர் `Settings` உள்ளே `Purchase verification`. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் அடையாளம் கேட்கும்படி வைக்கலாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கும்படியும் ஒன்று இருக்கிறது, அது வேண்டாம். நாம் எதற்கோ அடையாளம் காட்டிவிட்டுப் போனைப் பிள்ளையிடம் கொடுத்தால், மிச்ச நேரம் அவனுக்குத் திறந்த வீடு. இதில் இன்னொன்றும் கண்டுபிடித்தோம். போன் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று பையன் கைரேகையை நானே முன்பு சேர்த்து வைத்திருந்தேன். கைரேகையால் உறுதி செய்யும்படி வைத்தால் அவன் விரலையும் அது ஏற்றுக்கொள்ளும். அன்றைக்கே அவன் ரேகையை எடுத்துவிட்டேன். பின் நம்பர் இப்போது எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான். கடைக்குப் போக அவன் கையில் காசு கொடுத்துவிடுகிறேன்.

ஆவணியில் என் பழைய போனை முழுவதும் அழித்து, அவன் வயதைச் சரியாகப் போட்டு அவன் பெயரில் கணக்குத் தொடங்கி, ஃபேமிலி லிங்க்கில் என் கணக்கோடு சேர்த்தோம். அந்தப் போனில் என் ஐடி எதுவும் இல்லை, அது முக்கியம். வாங்குவதற்கு ஒப்புதல் என்ற இடத்தில் `All content` வைத்தேன். இப்போது அவன் எதை வாங்க நினைத்தாலும், பொருளின் பெயரும் விலையும் போட்டு எனக்குக் கேட்டு வரும். நான் சம்மதித்தால்தான் நடக்கும்.

இது இவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஓவர்லாக்கில் உட்கார்ந்திருப்பேன், போன் மினுங்கும். "ஏதோ ஒரு வாள், 89 ரூபாய்." சாயந்திரம் வந்து, "அந்த வாள் எதுக்குச் சாமி?" என்பேன். அவன் விலாவாரியாகச் சொல்வான். கேமுக்குள் என்ன நடக்கிறது என்பதே எனக்கு இப்படித்தான் தெரிய வந்தது. மாதம் 100 வரைக்கும் தருவதாகப் பேச்சு. இந்த ஆறு மாதத்தில் ஒன்பது முறை கேட்டான், மூன்றுக்குச் சம்மதித்தேன். தைப்பூசத்துக்கு முந்தின நாள் ஒன்று கேட்டுவிட்டு, நான் பார்ப்பதற்குள் ஓடி வந்து, "வேண்டாம்மா, யோசிச்சேன், அது ரெண்டு நாள்ல காலியாயிரும்" என்றான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஓட்டையும் இருக்கிறது. இந்த ஒப்புதல், ஸ்டோர் வழியாகப் போகிற பணத்துக்குத்தான். கேமுக்கு வெளியே டாப் அப் செய்யும் வெப்சைட்டில் நேராக யுபிஐ வைத்துக் கட்டினால் இதற்குத் தெரியாது. அதனால்தான் பின் நம்பர் விஷயத்தில் நான் இவ்வளவு கண்டிப்பு. மாதக் கடைசி ஞாயிறு, ஸ்டோரில் இரண்டு ஐடியின் சந்தாப் பட்டியலையும் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவேன். ஐந்து நிமிஷம் ஆகும். வியாழக்கிழமை எஸ்எம்எஸ்ஸையும் இப்போது விடுவதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நங்கை, "அப்ப நல்லாத்தான் இருக்குதுங்கற. எம்பட பேரனுக்கும் அதே மாதிரி ஒரு போன் ரெடி பண்ணிக் குடுத்தரலாமா?" என்றாங்க. அவன் ஒன்றாவது படிக்கிறான். "வேண்டாங்க நங்கை" என்றேன். ஏற்பாடு நல்ல ஏற்பாடு, என் பையனுக்கு அதை நான் எடுக்கப்போவதில்லை. ஆனால் நாலு முறை எழுதியும் பதில் போடாத அந்தக் கம்பெனி நினைப்புக்கு வந்ததும், சின்னக் குழந்தை கையில் அந்தக் கேமைக் கொடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் போனில் சந்தாவை நிறுத்துங்கள், யுபிஐ அனுமதியை ரத்து செய்யுங்கள், பேரன் ரேகை இருந்தால் எடுத்துவிடுங்கள், போன் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். இன்று காலை அவங்க போனில் தேடிப் பார்த்திருக்காங்க. சந்தா ஒன்றில்லை, இரண்டு இருந்ததாம்.