‘கிரியாட்டினின் நார்மல், அடுத்த வருஷம் வாங்க’ என்று அனுப்பினால் நம்பிப் போய்விடாதீர்கள்

மதுரையில் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ எடுக்கப் போகும் சுகர், பிரஷர்காரர்களுக்கு இந்தப் பதிவு.

திருமங்கலம் பக்கத்து அம்மா ஒருவர், வயது 62, பல வருஷமாகச் சுகர். போன வருஷம் ஒரு லேபில் பேக்கேஜ் எடுத்தார். கிட்னி கழித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 1.2. பக்கத்திலேயே நார்மல் 0.6–1.2 என்று அச்சடித்திருந்தது. "கிட்னி நல்லா இருக்கும்மா, ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். யூரின் கேட்கவே இல்லை. அந்தத் தைரியத்தில் முட்டிவலிக்கு மெடிக்கலில் கிட்னியைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த வருஷம் கிரியாட்டினின் 1.6.

முதல் தப்பு, கிரியாட்டினினை மட்டும் பார்த்தது. கிட்னி நோயின் ஸ்டேஜைச் சொல்வது, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர்; கிரியாட்டினினோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது. 2021 சூத்திரப்படி, 1.2 உள்ள 25 வயதுப் பையனுக்கு அது 86 வரும். இந்த அம்மாவுக்கு 51தான். 45 முதல் 59 வரை 3ஏ. அதாவது போன வருஷமே மூன்றாம் ஸ்டேஜ் எண். இப்போது 36, 3பி.

இரண்டாவது தப்புதான் பெரியது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் என்பதை ஸ்டேஜ் மட்டும் முடிவு செய்வதில்லை. யூரினில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்பதும் சேர வேண்டும். கேடிகோ என்ற சர்வதேச வழிகாட்டுதலின்படி, 3ஏ-வில் அந்தக் கசிவைக் காட்டும் ஏசிஆர், அதாவது யூரின் அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ, 30-க்குக் கீழே என்றால் வருஷத்துக்கு ஒருமுறை போதும். 30 முதல் 300 வரை இரண்டு முறை. 300-க்கு மேல் மூன்று முறை. ஆக, "ஒரு வருஷம் கழிச்சு" என்று சொல்ல ஏசிஆர் 30-க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமலேயே தவணை சொன்னார்கள். இப்போது பார்த்ததில் 380. 3பி-யில் இந்த அளவுக்கு வருஷத்தில் மூன்று முறை டெஸ்ட். அதுவும் நிலைமை சீராக இருந்தால்தான். இவருக்கு ஒரே வருஷத்தில் 15 இறங்கியிருப்பதால் டாக்டர் இன்னும் சீக்கிரமே வரச் சொல்வார்.

பேக்கேஜ் பட்டியலில் ‘கிட்னி ப்ரொஃபைல்’ என்று இருந்தாலும், பெரும்பாலும் யூரியா, கிரியாட்டினின், யூரிக் ஆசிட்தான். பணம் கட்டும் முன்பே "யூரின் அல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ இருக்கா, ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் வருமா" என்று கேளுங்கள். ஸ்ட்ரிப்பை முக்கிப் பார்க்கும் சாதா யூரின் டெஸ்ட் இதற்கு ஈடாகாது. தொடக்கக் கசிவு அதில் தெரியாமல் போகும். காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினைக் கொடுங்கள். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கும்போது கொடுத்தால் அளவு ஏறிக் காட்டும்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து ஸ்டேஜை உறுதி செய்யவும் முடியாது. குறைபாடு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட கிட்னி நோய். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொண்டு போங்கள்.