கண்ணாடியா, மோப்பமா?

திருகோணமலைக் கடற்கரையோரம் நிற்கும் முச்சக்கரவண்டியின் பக்கக் கண்ணாடியைத் தெருநாய் கண்டுகொள்வதில்லை. சக்கரத்தைத்தான் மோந்து பார்க்கிறது.

விலங்குக்குத் தன்னறிவு உண்டா என்று பார்க்க, அதன் உடலில் குறியிட்டுக் கண்ணாடி முன் நிறுத்துவார்கள்; கண்ணாடியில் கண்டு தன் உடலிலுள்ள குறியைத் தொட்டால், தன்னை அடையாளம் கண்டதாகக் கொள்வார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நியூயோர்க்கில் ஹேப்பி என்ற ஆசிய யானையின் தலையில் ஒருபக்கம் வெள்ளைக் குறியும் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத போலிக் குறியும் இட்டார்கள். கண்ணாடி முன் அது வெள்ளைக் குறியையே துதிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. வெறும் தொடுவுணர்ச்சி என்றால் போலிக் குறியையும் தொட்டிருக்கும். சோதித்த மற்ற இரண்டு யானைகளும் குறியைத் தொடவில்லை. அதனால் அவற்றுக்குத் தன்னறிவு இல்லை என்பது அவசரத் தீர்ப்பு. மண் பூசித் திரியும் விலங்குக்கு ஒரு குறி பொருட்டாகாமல் இருக்கலாம். தொட்ட யானையும் தன்னைப் பற்றிச் சிந்திக்கிறது என்பதற்கு அது சான்றல்ல.

நாய்க்கு மோப்பச் சோதனையே நியாயம். நாய்களின் அறிவை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் தம் சிறுநீரைவிட, வேற்று வாசனை கலந்த தம் சிறுநீரை அதிக நேரம் மோந்தன. ஆனால் அது தன்னை அறிந்ததாலா, புது வாசனையின் ஈர்ப்பாலா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.