ஆட்டோபே இருக்கிறது என்று நம்பி 2,962 ரூபாயை விட்டேன்

நேற்று காலை கிரெடிட் கார்டு பில்லைத் திறந்தேன். வட்டியும் அதற்கு ஜிஎஸ்டியுமாக 2,962 ரூபாய். என் சேமிப்புக் கணக்கில் அறுபதாயிரம் சும்மா கிடக்கிறது, இங்கே வட்டி ஓடியிருக்கிறது!

நான் பாம்பன்காரன். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றினால்தான் எஞ்சின் வேலை பார்க்க முடியும். ஏப்ரல் 20 அன்று ராமநாதபுரத்தில் உதிரிபாகம் வாங்கி 48,000 ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்தேன். கார்டு வாங்கிய அன்று வங்கிக் கிளையில் இருந்த தம்பி, "ஆட்டோபே போட்டுடுறேன்ண்ணே, இனி தேதியையே மறந்துடலாம்" என்றார். பெருக்கல் குறி போட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் 'மினிமம்' என்று டிக் அடித்திருப்பதை யார் பார்த்தார்கள்?

மே 25, கெடு நாள். ஆட்டோபே முடிந்தது என்று மெசேஜ் வந்தது. தொகையைப் படிக்காதது என் தப்பு. எடுத்தது 2,400 ரூபாய், அதாவது ஐந்து சதவீதம் மட்டும். முழுத்தொகை கட்டாததால் வட்டியில்லாத நாட்கள் மொத்தமும் போய்விட்டன. மாதம் மூன்றரை சதவீத வட்டியைக் கெடு நாளிலிருந்து போடவில்லை. பொருள் வாங்கிய ஏப்ரல் 20-லிருந்தே, முதல் 35 நாளுக்கு முழு 48,000-க்கும் போட்டிருக்கிறார்கள். 2,400 கட்டிய பிறகும் ஜூன் 5 பில்லில் பாக்கி 48,562! நல்லவேளை, இடையில் கார்டைத் தேய்க்கவில்லை. தேய்த்திருந்தால் அந்தப் புதுச் செலவுக்கும் அன்றைக்கே வட்டி தொடங்கியிருக்கும்.

கிளையில் கேட்டால், "கார்டு பிரிவு தனி சார், கஸ்டமர் கேருக்குப் பேசுங்க." அந்தத் தம்பி வேறு ஊருக்கு மாறிவிட்டாராம். கஸ்டமர் கேரில் இரண்டு முறை லைன் கட்டானது. மூன்றாவது முறை பேசிய பெண், "நீங்க கொடுத்த உத்தரவுப்படிதான் சார் எடுத்திருக்கோம்" என்றார். நான் எங்கே உத்தரவு கொடுத்தேன்? 2,962 ரூபாய் போனதற்கு அவர்கள் சொன்ன விளக்கம் அவ்வளவுதான்.

சரி, உங்கள் ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய் ஆட்டோபேயைத் திறங்கள். 'Minimum Amount Due' என்று இருந்தால் 'Total Amount Due' என்று மாற்றி ஓடிபி போடுங்கள். கெடு நாள் நெருங்கிவிட்டால் மாற்றம் அடுத்த பில்லுக்குத்தான் வேலை செய்யும். இந்த முறை கையாலேயே முழுதும் கட்டிவிடுங்கள். வேறு வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள் என்றால் உச்சவரம்பு எவ்வளவு என்றும் பாருங்கள், பில் அதைத் தாண்டினால் ஆட்டோபே நடக்காது.

நான் நேற்றே 48,562-ஐயும் கட்டிவிட்டேன். ஜூன் 5-க்குப் பிந்திய ஒரு நாள் வட்டி அடுத்த பில்லில் வருமாம், அதுவும் தண்டம். படிவ நகல் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் போடப் போகிறேன். 15-ஆம் தேதி கடலுக்குப் போகணும், அதற்குள் இந்த அலைச்சல் வேறு.