14 மாதம், தினம் 20 நிமிடம்: பழைய கேள்விகளை வைத்து மனக்கணக்குப் பழகிய கதை

வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் பெரியப்பாவுக்கு ஒரு கமிஷன் மண்டி இருக்கிறது. விடிகாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை அங்கே சிட்டை எழுதுவது என் வேலை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் கைபேசியில் 20 நிமிடம் டைமர் வைத்துவிட்டு ஒரு பழைய கேள்வி செட்டை எடுத்து உட்காருவேன். பதினான்கு மாதமாக இதுதான் நடக்கிறது. ஞாயிறு கிடையாது, மாட்டுப்பொங்கல் கிடையாது என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். நடுவில் மூன்று வாரம் காய்ச்சலில் போனது, பத்து நாள் சோம்பலில் போனது.

எனக்குக் குறி வங்கி கிளார்க் முதல்நிலைத் தேர்வு. எண்ணியல் திறன் பகுதியில் 35 கேள்வி, 20 நிமிடம். வகுத்தால் கேள்விக்கு 34 விநாடி வரும். ஆங்கிலத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை இங்கே கொண்டுவர முடியாது, பகுதிக்குப் பகுதி கடிகாரம் தனி. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். கால்குலேட்டர் இல்லை, ரஃப் தாள் உண்டு.

முதல் மாத நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒரு சராசரி நாளில் 24 கேள்வி தொட்டிருக்கிறேன், 17 சரி, 7 தவறு. கழிவு போக 15.25. வேகம்தான் குறை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, 25 வரை வாய்ப்பாடு, 50 வரை வர்க்கம் என்று உருப்போட்டேன். இரண்டு மாதம் கழித்து 30 கேள்வி தொட்டேன். அதில் 19 சரி, 11 தவறு. 16.25. ஆறு கேள்வி கூடுதலாகப் போட்டதற்குக் கூலி ஒரே ஒரு மதிப்பெண்.

அன்றைக்குத்தான் தவறுகளைப் பிரித்து எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. கேள்வியைத் தவறாக வாசித்திருந்தால் ‘வா’, கூட்டல் பெருக்கலில் சறுக்கியிருந்தால் ‘க’, வழியே தெரியாவிட்டால் ‘வ’, தொட்டிருக்கவே கூடாத கேள்வியாக இருந்தால் ‘தொ’. ஒவ்வொரு கேள்விக்கும் விநாடி குறித்துப் பார்க்கலாம் என்று ஸ்டாப்வாட்சையும் முயன்றேன். பொத்தானை அமுக்குவதே ஒரு வேலையாகிவிட்டது. அதற்குப் பதில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பீப் வைத்து, பீப் வரும்போது எந்தக் கேள்வியில் இருக்கிறேனோ அங்கே ஒரு கோடு கிழித்துவிடுவேன். அது போதும்.

இரண்டு வாரத்தில் கண்டது: ‘வ’ மிகக் குறைவு, பாதிக்கு மேல் ‘க’. மூன்றாவது பீப்புக்குப் பிறகுதான் அவை குவிந்தன. அதாவது எனக்குக் கணக்குத் தெரியும். 15 நிமிடத்துக்கு மேல் பெரிய எண்களைத் தலையில் தாங்கத் தெரியவில்லை. ஆகவே சுமையைக் குறைப்பதுதான் வழி.

இந்த இடத்தில் பெரியப்பா வந்தார். தேர்வில் வருகிற மாதிரியான ஒரு சுருக்குதல் கணக்கு இது:

37.5% of 648 + 18² − ? = 399

நான் 648-ஐ மூன்றால் பெருக்கி 1944 ஆக்கி, அதை எட்டால் வகுத்துக்கொண்டிருந்தேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே சும்மா ஒரு பேச்சுக்கு அவரிடம் கேட்டேன். “சதவீதமெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. நூத்துல முப்பத்தேழரைன்னா காலே அரைக்கால். அறுநூத்தி நாப்பத்தெட்டுல கால் நூத்தி அறுபத்திரண்டு, அதுல பாதி எண்பத்தொண்ணு. எரநூத்தி நாப்பத்திமூணு. இதுக்கா பேப்பர் எடுத்தே?”

அவ்வளவுதான். கால் எடு, அதைப் பாதியாக்கு, இரண்டையும் கூட்டு. எங்கும் நான்கு இலக்க எண்ணே வரவில்லை. அவருக்கு அவர் அப்பா சொல்லிக் கொடுத்தது. அன்றிலிருந்து சதவீதத்தை நான் பழைய பெயரில்தான் வாசிக்கிறேன். 12.5 என்றால் அரைக்கால். 62.5 அரையே அரைக்கால், 87.5 முக்காலே அரைக்கால். 87.5-ஐ முழுசிலிருந்து அரைக்காலைக் கழித்தும் எடுக்கலாம். 6.25 ஒரு வீசம். ஐந்து சதவீதம் ஒரு மா, 15 மூன்று மா. ‘முக்காலே மூணு வீசம்’ என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்வதுகூட உண்மையில் 93.75 சதவீதம்தான். பெயரிலேயே செய்முறை இருப்பதால் தனியாக மனப்பாடம் வேண்டியதில்லை. ஒரு குறை, மூன்றிலும் ஏழிலும் பதினொன்றிலும் வருகிற பின்னங்களுக்கு இந்த வழி கைகொடுக்காது. 16.67 ஆறில் ஒன்று, 14.28 ஏழில் ஒன்று, 9.09 பதினொன்றில் ஒன்று என்று அவற்றை உருப்போடத்தான் வேண்டும்.

அதே கணக்கை முடிக்கிறேன். 243-உடன் 18-ன் வர்க்கம் 324 சேர்த்தால் 567, அதிலிருந்து 399 போக 168. அந்த செட்டில் ஆப்ஷன்கள் 158, 168, 186, 198, 258. நான் ரஃப் தாளில் 168 போட்டுவிட்டு 186-ஐ வட்டமிட்டிருந்தேன். கொடுமை என்னவென்றால், சரிபார்த்த பிறகுதான் வட்டமிட்டேன்.

நான் சரிபார்த்தது இலக்கக் கூட்டல் முறையில். எண்ணின் இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கம் ஆக்குவது, ஒன்பதைச் சுழியமாக எடுத்துக்கொள்வது. 243 சுழியம், 324 சுழியம், 399 மூன்று. சுழியத்தில் மூன்று போனால் ஆறு. 186-ன் இலக்கங்களைக் கூட்டினால் 15, அது ஆறு. சரி என்று சொல்லிவிட்டது. 168-க்கும் அதே ஆறுதான். இலக்கம் இடம் மாறினால் இந்தச் சோதனைக்குக் கண் தெரியாது. அவசரத்தில் நமக்கு அதிகம் நடப்பதோ அதே இடமாற்றம்தான்.

இப்போது கடைசி இலக்கத்தை முதலில் பார்க்கிறேன். 3-ம் 4-ம் சேர்ந்தால் 7, 7-ல் 9 போக 8 வர வேண்டும். 186 அங்கேயே விழுந்துவிடும். அதன் பிறகு இலக்கக் கூட்டல். 158-ம் 198-ம் போய்விடும். மிச்சம் 168-ம் 258-ம். இரண்டு சோதனையையும் தாண்டுகிற எண்கள் ஒன்றுக்கொன்று 90-ன் மடங்கில்தான் தள்ளி நிற்க முடியும். ஆகவே கடைசியாக ஒரு குத்துமதிப்பு: 567-ல் 400 போனால் 167 சொச்சம். முடிந்தது. பழகிய பிறகு மொத்தமும் நான்கைந்து விநாடிதான். வகுத்தலில் மிச்சம் வரும் கணக்குக்கும், ‘தோராயமாக’ என்று கேட்கிற கணக்குக்கும் இதைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே குத்துமதிப்பு மட்டுமே.

செட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளார்க் தேர்வை நடத்தும் ஐ.பி.பி.எஸ். கேள்வித்தாளை வெளியிடுவதில்லை. கடையில் ‘முந்தைய ஆண்டு’ என்று விற்பதெல்லாம் எழுதி வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னதைத் தொகுத்தது. கேள்வி வகையும் அளவும் ஓரளவு சரியாக இருக்கும், எண்கள் நம்பும்படி இருக்காது. நான் வாங்கிய ஒரு ஜெராக்ஸ் கட்டில் ஓர் எண் வரிசைக்கு விடையே பொருந்தவில்லை. ஒரு காலைப்பொழுது அதிலேயே போனது. இப்போது ஓர் அடையாளம் வைத்திருக்கிறேன். உண்மைத் தேர்வில் சுருக்குதல் கணக்குக்கு எண்களைத் தேர்ந்துதான் போடுவார்கள், 37.5% என்றால் எட்டால் மீதியில்லாமல் போகும் எண் பக்கத்தில் இருக்கும். பிசிறடித்தால் முதலில் என் வாசிப்பைச் சந்தேகிப்பேன். திரும்ப வாசித்தும் பிசிறடித்தால் செட்டைச் சந்தேகிப்பேன், விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவேன். கேரள பி.எஸ்.சி. தன் தளத்திலேயே கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் போடுகிறது. விடை நம்பகத்துக்கு அது மேல். ஆனால் நேரக் கணக்கு வேறு, கேள்வியின் சாயலும் வேறு, அதனால் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் அது.

நான் ஏமாந்த இன்னொரு இடம், திரும்பச் செய்வது. ஏழாம் மாதம் கையிருப்பு தீர்ந்துபோய்ப் பழைய செட்டுகளையே மறுபடி எடுத்தேன். மூன்றாம் சுற்றில் 31 தொட்டு 30 சரி! அம்மாவிடம் சொல்லிப் பாயசம் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் புது செட்டில் 25 தொட்டு 20 சரி. பழையதில் ‘ஒரு குழாய் 12 மணி, இன்னொன்று 15 மணி’ என்று கண் வாசிக்கும்போதே கை 6⅔ என்று எழுதியிருக்கிறது. கணக்கே போடவில்லை. இப்போது ஒரு செட்டைத் திரும்ப எடுக்க இரண்டு மாதமாவது விடுகிறேன், அந்த மதிப்பெண்ணை நோட்டில் சேர்ப்பதும் இல்லை. சித்தி பையனை விட்டு எண்களை மாற்றித் தரச் சொன்னேன். அவன் கையில் 648 என்பது 653 ஆகிவிட்டது, எல்லாமே பிசிறு.

பதினோராம் மாதத்துச் சராசரி: 27 தொட்டு 25 சரி, 2 தவறு, 24.5. ஆரம்பத்தைவிட மூன்று கேள்விதான் கூடுதல், மதிப்பெண்ணோ ஒன்பதே கால் கூடியிருக்கிறது. அதில் பாதி ‘தொ’ எழுத்தின் புண்ணியம். வயதுக் கணக்கில் மூன்று பேர் வந்தால் தாண்டிவிடுவேன், நேரம் மிஞ்சினால் திரும்பி வருவேன்.

தாளில் பழகியது திரையில் அப்படியே வராது என்பதைப் பாலக்காட்டில் மாதிரித் தேர்வு எழுதப் போனபோதுதான் உணர்ந்தேன். நிமிர்ந்து திரையைப் பார்த்து, குனிந்து ரஃப் தாளில் எழுதுவதற்குள் 468 என்பது 486 ஆகிறது. அன்று ஐந்து தவறில் மூன்று ‘வா’. இப்போது செட்டை மேசையில் வைப்பதில்லை. கைபேசியைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அதில் பார்த்துக் குனிந்து எழுதுகிறேன். எண்ணை எழுதியதும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிற வழக்கத்துக்கு விநாடி ஒன்று செலவு.

முதல்நிலையைத் தாண்டிவிட்டேன், முதன்மைத் தேர்வில் நின்றுவிட்டேன். முதல்நிலை மதிப்பெண் தகுதிக்கு மட்டும்தான், இறுதிப் பட்டியலுக்கு வராது. முதன்மையில் பத்தி பத்தியாகத் தரவு கொடுத்து, அதிலிருந்து எண்ணைத் தேடி எடுக்கச் சொல்கிறார்கள். அங்கே காலே அரைக்கால் வந்து காப்பாற்றவில்லை. அதற்கென்று தனி நோட்டு போட்டிருக்கிறேன். காலை 20 நிமிடத்தை மட்டும் விடவில்லை. மண்டியில் இப்போது பெரியப்பா சிட்டையைக் கூட்டச் சொல்லிவிட்டு, தானும் விரல் மடக்கிக் கூட்டுகிறார். போன வாரம் நான் முந்திவிட்டேன். “கடைசி இலக்கம் பாத்தியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பக் கூட்டினார்.