உப்பில் இறுகிய ஷவர் தலை: வினிகரா, வெப்பமா, ரம்பமா?

சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் நம் ஊர் போர்வெல் தண்ணீர் மாதிரி உப்பைக் கக்காது. ஆனாலும் தினமும் வெந்நீர் ஓடி ஓடிக் காய்கிற ஷவர் கழுத்தில், வருஷக்கணக்கில் வெள்ளைப் பொருக்கு கட்டத்தான் செய்கிறது. யீஷூனில் அக்கா வீட்டில் அப்படித்தான். சுவரிலிருந்து ஒரு முழம் வெளியே நீண்டு, நுனியில் கீழே வளையும் பித்தளைக் கை. அதில் அகலமான மழை ஷவர். அதை மாற்றலாம் என்று பார்த்தால், கழுத்து நட்டும் கையும் ஒரே வார்ப்பு போல இறுகிவிட்டன.

"பெரிய ஸ்பேனர் போட்டு ஒரே திருகு, வந்துடும்" என்றார் அத்தான். வரும்தான், எது வரும் என்பதுதான் கேள்வி. கை வளைந்து இருப்பதால், நுனியில் கொடுக்கும் திருகு, சுவருக்குள் இருக்கும் எல்போ என்ற வளைவு இணைப்பைப் பக்கவாட்டில் நெம்பும். கை சரிவாக இறங்கும் வகையாக இருந்தால், அது சுவருக்குள்ளேயே மரை கழன்று சுழலவும் கூடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் அப்படி வரும் கசிவு முதலில் தெரிவது கீழ்வீட்டுக்காரர் கூரையில்.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். கை சுவரைத் தொடும் இடத்தில் உள்ள வட்டத் தகட்டை முன்னால் இழுத்துவிட்டு, கையிலிருந்து டைல்வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு இம்மி விலகினாலும் நிறுத்திவிட வேண்டும்.

இனி வழிகள். பூட்டைப் போட்டது சுண்ணாம்புப் படிவு என்பதால் அமிலம்தான் நேரான மருந்து. மளிகைக் கடை வெள்ளை வினிகரே போதும். ஆனால் எல்லோரும் செய்வது போலப் பையில் ஊற்றி ஷவரில் கட்டித் தொங்கவிட்டால், ஊறுவது கீழே உள்ள துளைகள் மட்டும். இறுகிய மரை மேலே, வினிகர் மட்டத்துக்கு வெளியே காய்ந்தபடி நிற்கும். துணிப்பட்டையை வினிகரில் நனைத்துக் கழுத்து நட்டின் மேல்விளிம்பைச் சுற்றிக் கட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றுங்கள். அவ்வப்போது மறுபடி நனைத்து ஓர் இரவு விடலாம். முதலில் நுரைக்கும், அப்புறம் பொருக்கு மாவாகும். கறுப்பு, தங்க நிறப் பூச்சுள்ள பொருள் என்றால் அரைமணிக்கு மேல் வேண்டாம், நிறம் போய்விடும். குளோரின் பிளீச் ஊற்றிக் கழுவிய குளியலறையில் வினிகரைத் திறக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு.

மரை இடுக்கில் தெளிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. துருவுக்கு அது உதவும், சுண்ணாம்பைக் கரைக்காது. வினிகருக்கு முன்னால் அடித்தால் வினிகர் உள்ளே போவதையும் தடுக்கும்.

வெப்பம் வினிகருக்கு நல்ல துணை. துணியைக் கழற்றி நன்றாகத் துடைத்துவிட்டு, ஹேர் டிரையரை நட்டின் மேல் மட்டும் சில நிமிடம் காட்டினால் நட்டு துளி விரியும். அந்தத் துளியே உடையக்கூடிய படிவில் விரிசல் விடப் போதும். நட்டு பிளாஸ்டிக் என்றால் இதை விட்டுவிடுங்கள். தரை ஈரமாக இருக்கும்போது டிரையரை எடுத்துக்கொண்டு உள்ளே போகவும் வேண்டாம். கேஸ் டார்ச் எந்த நிலையிலும் வேண்டாம்.

திருகும்போது இரண்டு கருவி வேண்டும். ரப்பர் சுற்றிய பைப் ரெஞ்சால் நட்டுக்குச் சற்று மேலே கையைப் பிடித்து அசையாமல் நிறுத்துங்கள். ஸ்பேனரை நட்டில் மாட்டி, கீழிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருப்புங்கள். இரண்டு கைப்பிடிகளையும் ஒரே பிடியில் நெருக்குவது போல அமைத்தால் விசை அவற்றுக்கிடையிலேயே அடங்கிவிடும், சுவருக்குப் போகாது. நட்டை விட்டு ஷவரின் பெரிய தட்டைப் பிடித்துத் திருப்பினால், அதன் பந்து மூட்டுதான் சுற்றும். அக்கா வீட்டு நட்டு இப்படித்தான், ஒரு 'டிக்' சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. கோடு நகரவில்லை.

அதுவும் பலிக்காவிட்டால் ரம்பம். பழைய ஷவர் எப்படியும் குப்பைக்குத்தானே போகிறது! நட்டின் உயரவாக்கில் ரம்பப் பிளேடால் மெல்ல அறுத்து, கையின் மரை தெரியும் முன்பே நிறுத்தி, பிளவில் தட்டை ஸ்குரூடிரைவரை நுழைத்து முறுக்கினால் நட்டு பிளந்துவிடும். மரையில் லேசாகக் கீறல் விழுந்தாலும் டெஃப்லான் டேப் சமாளிக்கும். அழுத்தித் திருகுவதைவிட இது பாதுகாப்பு என்பேன். கையையே சுவரிலிருந்து கழற்றிவிடலாம் என்பவர்களும் உண்டு. ஆனால் நாம் காப்பாற்ற நினைப்பதே சுவருக்குள் இருக்கும் அந்த மரையைத்தான். கோடு விலகியிருந்தாலோ பித்தளைக் கை அரிக்கப்பட்டிருந்தாலோ பொதுப் பயனீட்டுக் கழக உரிமம் பெற்ற பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

புது ஷவரை மாட்டும் முன் ஒரு சோதனை பாக்கி. குளிக்கும்போது மட்டுமே அந்தக் குழாயில் தண்ணீர் அழுத்தம் இருப்பதால், உள்கசிவு எளிதில் கண்ணில் படாது. கையின் நுனியை அரை அங்குல மூடியால் அடைத்து, ஷவர் குழாயைத் திறந்துவிட்டு, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் மூடுங்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் மீட்டரைப் பத்து நிமிடம் பாருங்கள். முள் நகர்ந்தால், கசிவு இருக்கிறது.